மின்னஞ்சலில் ‘தாத்தா’ என்று எழுதப் போய்...

எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கணக்காளர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. சேர்ந்த நாளிலிருந்தே அவர் எனக்குத் தாத்தா. மூன்று விலைமனுக்களை ஒப்பிட்டு, அவரது அங்கீகாரத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பியபோதும் Dear Thaththa என்றே தொடங்கினேன்.

சில மாதங்களின் பின் அந்தக் கோவை கணக்காய்வுக்குப் போனது. அச்சுப்பிரதியில் பெறுநரின் பெயர் இருக்கவில்லை. Accountant என்ற பதவி மட்டுமே இருந்தது. அதை வாசித்தவர் ஒரு சிங்கள உத்தியோகத்தர். சிங்களத்தில் தாத்தா என்றால் தந்தை. மகன் சிபாரிசு செய்த விலைமனுவைத் தந்தை அங்கீகரித்திருக்கிறார் என்று அவர் விளங்கிக்கொண்டார். எழுத்துமூல விளக்கம் கேட்டு வினா வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொள்வனவில் உறவுத் தொடர்பைத் தேடுவது அவருடைய வேலை. இருவரும் பதில் எழுதினோம், விடயம் முடிந்தது. ஆனால் தாத்தாவின் பதவி உயர்வு நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது வந்த கடிதம் அது. அந்த இரண்டு வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை.

அதே சொல்லை யாழ்ப்பாணத்து நண்பர் வாசித்திருந்தால் பாட்டனார் என்று நினைத்திருப்பார். கிழக்கில் பல ஊர்களில் அவர் ராத்தா ஆகியிருப்பார். மூத்த சகோதரனுக்கும் இதே கதைதான். நாம் நானா என்கிறோம். Nana என்று எழுதினால் வெளிநாட்டு ஆங்கிலேயர் பலருக்கு அது பாட்டியைக் கூப்பிடும் சொல். கிழக்கில் காக்கா என்பார்கள். சிங்களப் பிள்ளைகள் அந்த ஓசையுள்ள சொல்லை எந்த நேரத்தில் சொல்வார்கள் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். சிங்கள இளைஞர் ஒருவர் Aiya என்று எழுதினால் அவர் அண்ணா என்கிறார். நமக்கோ அது ‘கனம் ஐயா’ போலத் தோன்றும்.

பிறகு ஏன் எழுதுகிறோம்? தமிழில் மரியாதை வினையிலேயே இருக்கிறது. ‘பாருங்க’ என்றால் போதும். ஆங்கிலத்தின் you கடைப் பையனுக்கும் பணிப்பாளருக்கும் ஒன்றுதான். வயதில் மூத்தவரை வெறும் பெயரால் அழைத்துவிட்டு you என்று எழுத நமக்குக் கை கூசுகிறது. அந்தக் குறையை நிரப்பத்தான் நானாவும் தாத்தாவும் சேரும் மடமும் ஆங்கிலத்துக்குள் வருகின்றன.

சேர், மடம் இரண்டிலும் வேறொரு சிக்கல் உண்டு. நாம் பேச்சில் ‘றிஸ்வான் சேர்’ என்போம். அதைத் திருத்துவதாக நினைத்து Dear Sir Rizwan என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் Sir வந்தால் ஆங்கிலத்தில் அது பிரித்தானிய மன்னர் வழங்கும் பட்டம். Dear Sir, Dear Madam இரண்டும் பெயரில்லாமல் தனியாக நிற்கவேண்டியவை. பெயர் வேண்டுமென்றால் Mr அல்லது Ms போட்டு எழுதலாம். நம்மவர்களில் முஹம்மத், பாத்திமா என்று தொடங்கும் பெயர்கள் அதிகம் என்பதால் எந்தப் பெயரைப் போடுவது என்ற கேள்வி வரும். அவர் தன் மின்னஞ்சலின் அடியில் எந்தப் பெயரில் ஒப்பமிடுகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். Sister என்பதிலும் கவனம் வேண்டும். வைத்தியசாலைக்கு எழுதும்போது அது தாதியர் பதவி ஒன்றின் பெயர்.

வினா வந்த பிறகு நான் முறைப்பெயரை எடுத்துவிட்டு, Dear Madam என்று போட்டு, கீழே Please approve today என்று எழுதத் தொடங்கினேன். ஒரு கிழமையில் தாத்தா தொலைபேசியில் கேட்டார்: “என்ன தம்பி, என்னோட கோபமா?” அப்போதுதான் விளங்கியது. ‘தாத்தா, இத கொஞ்சம் பாருங்களேன்’ என்பதில் கட்டளையை மெதுவாக்கியது அந்த விளிதான். அதை எடுத்தவுடன் கட்டளை மட்டும் மிஞ்சிவிட்டது. Please சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான். ஆங்கிலத்தில் அந்த மென்மையைக் கேள்வியாக்கிக் கொண்டுவரலாம்: Could you please look at this today? இன்றைக்கே ஏன் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்போது நான் அனுப்பமுன் பார்ப்பது பிரதி போகும் பெயர்களைத்தான். இது கோவைக்குள் போகுமா, எங்கள் இருவரையும் தெரியாத ஒருவர் வாசிப்பாரா என்று பார்ப்பேன். பணம், நியமனம், விடுமுறை சம்பந்தப்பட்டால் கட்டாயம் போகும். அங்கே முறைப்பெயர் போடுவதில்லை. பகல் சாப்பாட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்கும் வட்ஸ்அப் செய்தியில் அவர் இன்றும் தாத்தாதான்.