இலை சொல்லும் ஜாதகம்

*வானிலை மாறினால் எந்தப் புல்வெளி தாங்கும், எது தடம் மாறும்? ஒரு முக்கோணத்தில் விடை இருக்கிறது என்கிறது பிரிட்டனில் பிறந்த ஒரு கோட்பாடு.*

இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைப்பகுதியில், பக்ஸ்டன் நகரை ஒட்டி ஒரு சரிவு. சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய போர்வையாக மண். ஆடுகள் கடித்துக் கடித்துக் கட்டையாகிப்போன புல். 1993இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே சிறு பாத்திகளைக் குறித்துக்கொண்டு இயற்கையோடு விளையாட ஆரம்பித்தார்கள். சில பாத்திகளில் குளிர்காலத்தில் மண்ணைச் சூடாக்கினார்கள். சிலவற்றுக்குக் கோடையில் மழையே விழாமல் மறைத்தார்கள். வேறு சிலவற்றுக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டார்கள்.

இதே சோதனை ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைதம் என்ற இடத்திலும் நடந்தது. அதுவும் சுண்ணாம்பு நிலம்தான். ஆனால் முன்பு உழுது பயிரிட்டுக் கைவிடப்பட்ட, வளம் மிகுந்த நிலம். ஐந்தே ஆண்டுகளில் வைதம் புல்வெளி குறிப்பிடத்தக்க அளவு மாறியது. பக்ஸ்டனோ அசைந்து கொடுக்கவில்லை. 13 ஆண்டு சோதனைக்குப் பின் 2008இல் முடிவுகள் வெளியானபோதும் அங்கே பெரும்பாலும் அதே செடிகள்தான் இருந்தன.

ஏழை நிலம் எப்படித் தாங்கியது? இதற்கான விடைக்கு ஆய்வுக் குழுவின் தலைவர் ஃபிலிப் கிரைம் அஸ்திவாரம் போட்டது 1974இல். 2021இல் மறைந்த அவர், செடிகளுக்கு இருக்கும் தொல்லைகளை இரண்டே வகையாகப் பிரித்தார். ஒன்று நெருக்கடி: வெளிச்சம், தண்ணீர், சத்து, வெப்பம் போன்றவை போதாமல் வளர்ச்சியே மட்டுப்படுவது. மற்றது அழிவு: வளர்ந்த உடல் பறிபோவது. மேய்ச்சல், மிதிபடுதல், ஏர், தீ எல்லாம் இதில் அடக்கம்.

இரண்டும் குறைவாக உள்ள இடத்தில் ஜெயிப்பது போட்டியாளர். நெருக்கடி மட்டும் அதிகமென்றால் தாங்கிகள். அழிவு மட்டும் அதிகமென்றால், லத்தீனில் இடிபாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இடிபாட்டுச் செடிகள். இரண்டுமே உச்சத்தில் இருந்தால்? எந்தச் செடியாலும் அங்கே குடித்தனம் நடத்த முடியாது. சத்தே இல்லாத மண்ணில், இழந்த உடலை மீண்டும் வளர்ப்பது எப்படி? அதனால்தான் சதுரமாக இருக்க வேண்டியது முக்கோணமாகிவிட்டது.

பிரிட்டனில் மூன்று முனைகளுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. எருக்குழிக்குப் பக்கத்தில், தொட்டால் அரிக்கும் நெட்டில் செடி ஆளுயரத்துக்குக் கிளம்பி, மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது போட்டியாளர். நடைபாதை இடுக்கில் போவா அன்னுவா என்ற சின்னப் புல் சில வாரங்களிலேயே பூத்து விதை கொட்டிவிடுகிறது. ஊட்டி, சிம்லா போன்ற குளிர்ந்த ஊர்களிலும் காணக்கூடிய இது இடிபாட்டுச் செடி. பக்ஸ்டன் சரிவில் நிறைந்திருக்கும் ஃபெஸ்டுகா ஓவினாவுக்கு ஊசி போன்ற இலை, ஆமை வேக வளர்ச்சி. கிடைத்த சத்தை லேசில் விடாது. இது தாங்கி.

ஆனால் பெரும்பாலான செடிகள் முனையில் நிற்பதில்லை; நடுவில் எங்கோ இருக்கின்றன. எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பு உயரம், பரவும் விதம், பூக்கும் காலம் என்று பல குணங்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. 2017இல் சைமன் பியர்ஸும் சகாக்களும் வெளியிட்ட முறைக்கு ஓர் இலையில் மூன்று அளவுகள் போதும்: பரப்பளவு, ஈர எடை, உலர் எடை.

நன்கு விரிந்த, நோயில்லாத இலையைப் பறித்து, ஈரத்தில் ஓர் இரவு வைத்து முழுதாக நீர் ஏறவிடுகிறார்கள். பிறகு எடை போட்டு, ஸ்கேனரில் பரப்பை அளக்கிறார்கள். கடைசியாக அடுப்பில் ஈரம் போக உலர்த்தி மீண்டும் எடை. இதைப் பல செடிகளில் செய்து சராசரி எடுக்கிறார்கள்.

கணக்கு புரிய இரண்டு கற்பனை இலைகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் இலையின் பரப்பு 2,000 சதுர மில்லிமீட்டர், ஈர எடை 400 மில்லிகிராம், உலர் எடை 80. அதாவது 100க்கு 20 பங்குதான் உலர்பொருள். ஒரு மில்லிகிராம் பொருளைக் கொண்டு 25 சதுர மில்லிமீட்டர் இலை விரித்திருக்கிறது. மலிவாகக் கட்டிய வீடு. இரண்டாவது, ஊசி போன்ற இலை. பரப்பு 50, ஈர எடை 15, உலர் எடை 5. உலர்பொருள் 33 சதவீதம். ஒரு மில்லிகிராமுக்கு 10 சதுர மில்லிமீட்டர்தான். இது கல் கட்டடம்.

பெரிய இலை போட்டியாளர் பக்கமும், உலர்பொருள் மிகுந்த இலை தாங்கிகள் பக்கமும், மலிவாக விரிந்த இலை இடிபாட்டுப் பக்கமும் இழுக்கும். உலகளாவிய தகவல்களோடு ஒப்பிடும் சூத்திரங்களில் போட்டால் முதல் இலைக்குச் சுமார் 40 சதவீதம் போட்டி, 18 தாங்குதல், 42 இடிபாடு. போட்டிக்கும் இடிபாட்டுக்கும் இடைப்பட்ட ஆசாமி. இரண்டாவதற்குத் தாங்குதல் மட்டுமே 95 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கிட்டத்தட்ட முனையிலேயே உட்கார்ந்துவிட்டது.

இலை ஏமாற்றவும் செய்யும். சோற்றுக்கற்றாழையின் இலையில் பெரும்பகுதி தண்ணீர். உலர்பொருள் குறைவாக வருவதால் வறட்சியைத் தாங்கும் செடி தவறான மூலைக்குப் போய்விடும். சதைப்பற்றுள்ள செடிகளுக்குத் தனித் திருத்தம் செய்வது இதனால்தான். நிழலில் பறித்த இலை மெல்லியதாக இருக்கும். அதுவும் கணக்கைக் கெடுக்கும். ஒரே இனத்தின் இலைகள் முக்கோணத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறினால், பறித்த விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கோட்பாட்டுக்கே எதிர்ப்பும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் டில்மனின் பார்வையில், சத்தற்ற மண்ணில் போட்டி ஓய்வதில்லை. வெளிச்சத்துக்கான சண்டை வேர்களுக்கிடையே சத்துக்கான சண்டையாக மாறுகிறது, அவ்வளவுதான். இலையை மட்டும் பார்க்கும் முறை வேரையும் விதையையும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

என்றாலும் பக்ஸ்டன் புதிரை முக்கோணம் அவிழ்க்கிறது. அங்கே வாழ்பவை பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து நீண்ட காலம் இருக்கும் தாங்கிகள். ஒரு மோசமான கோடை அவற்றுக்குப் புதிதல்ல. நல்ல மழை வந்தாலும் சத்தில்லாத மண்ணில் பாய்ந்து வளர முடியாது. வைதமில் வேகமாக வளரும் செடிகள் அதிகம். வாய்ப்பு மாறினால் ஆட்டமும் மாறும்.

இதில் பக்ஸ்டனுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 13 ஆண்டு வெயிலும் வறட்சியும் அசைக்காத புல்வெளியை ஒரு சில மூட்டை உரம் அசைத்துவிடலாம். மண்ணில் சத்து ஏறினால் நெருக்கடி தளரும். உயரமான போட்டியாளர்கள் வந்து வெளிச்சத்தை மறைப்பார்கள். வறுமையில் ஜெயித்த ஊசி இலைப் புல் வளத்தில்தான் தோற்கும்.