உதவியாளர் தேவை: விளம்பரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

‘மழலையர் பள்ளிக்கு உதவியாளர் தேவை. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. ஓராண்டு அனுபவம். மாதம் ரூ.9,000.’ இப்படியொரு விளம்பரத்தைப் பார்த்தால் முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். தினம் 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 234 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 38 ரூபாய்தான் கிடைக்கும்.

அடுத்தது வேலை. ‘குழந்தைகளைக் கவனித்தல்’ என்ற ஒரே வரிக்குள் சோறு ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போய்க் கழுவிவிடுவது, ஈர உடையை மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் அடங்கும். வகுப்பறையைப் பெருக்குவதும் வேனில் கூடப்போவதும் சேருமா? ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்க வேண்டும்? பெற்றோர் தாமதமாக வந்தால் கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா? இவற்றுக்கான பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே வேலையில் சேருங்கள்.