'நோட்டைக் கொண்டு வாங்க!' - மகளிர் குழுவுக்கு வங்கி பார்க்கும் கணக்கு

'நாங்கள் 12 பேர் சேர்ந்து குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. வாரம் ஆளுக்கு 50 ரூபாய் சேமிக்கிறோம். கடன் கேட்டு வங்கிக்குப் போனால், பாஸ்புக்கில் 4,150 ரூபாய்தானே இருக்கிறது, நோட்டைக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குக் கடன் கிடைக்காதா?' என்று மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே, குழுவில் நால்வர் கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடனை அடைக்கக் காத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். 

கிடைக்கும். ஆனால், அந்த நோட்டில்தான் விஷயமே இருக்கிறது.

மகளிர் குழு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டியதில்லை. பதிவில்லாத குழுவும் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், கடன் வாங்கலாம் என்ற வழி 1990-களின் தொடக்கத்தில் பிறந்தது. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுக்க 500 குழுக்களை வைத்து இதைச் சோதனை முறையில் தொடங்கியது. அதே காலகட்டத்தில்தான் மதுரை மாவட்டத்தில் களஞ்சியம் குழுக்கள் வேர்விட்டன. அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மா, அந்தக் குழுக்களிலிருந்து வந்தவர். 2001-ல் டெல்லியில் விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது பலருக்கும் நினைவிருக்கும். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அவர் விவசாயக் கூலி வேலை செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆக, குழுவை நடத்தப் படிப்பு கட்டாயமில்லை. எழுத ஓர் ஆள் இருந்து, எழுதியதை எல்லோர் காதிலும் விழும்படி படித்துக்காட்டினால் போதும்.

கணக்குத் தொடங்குவதற்கு முன்பு தீர்மான நோட்டில் ஒரு தீர்மானம் வேண்டும். குழுவின் பெயர், எந்த வங்கிக் கிளை, தலைவி, செயலாளர், பொருளாளர் யார் யார், அவர்களில் எந்த இருவர் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்று எழுதி, 12 பேரும் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். சேமிப்புக் கணக்கு தொடங்க நிர்வாகிகளின் அடையாள, முகவரி ஆவணங்கள் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மற்ற உறுப்பினர்களின் ஆவணங்களைக் கடன் வாங்கும் கட்டத்தில் கேட்கலாம். எல்லோருடைய ஆதாரையும் கொண்டுவந்தால்தான் கணக்கு என்று கிளையில் சொன்னால், இந்த விதியைப் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

இனி, வாசகியின் கணக்குக்கு வருவோம். 12 பேர், வாரம் 50 ரூபாய், 26 வாரம். சேமிப்பு மட்டும் 15,600 ரூபாய். அந்தப் பணத்தைச் சும்மா வைக்காமல், தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்திருக்கிறார்கள். அதில் வந்த வட்டி 1,150 ரூபாய், கூட்டத்துக்கு வராதவர்களிடம் வசூலித்த அபராதம் 60 ரூபாய். நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிய செலவு 360 ரூபாய். கூட்டிக் கழித்தால் குழுவின் சொந்த நிதி 16,450 ரூபாய். அது இப்போது எங்கே இருக்கிறது? உறுப்பினர்களிடம் கடனாக 12,000, வங்கியில் 4,150, பெட்டியில் ரொக்கம் 300. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது.

வங்கிக்காரர் பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் 4,150 ரூபாய்க் குழுவாகத் தெரியும். நோட்டைப் பார்த்தால்தான் 16,450 ரூபாய்க் குழு. உறுப்பினர்களிடம் கடனாக நிற்கும் பணமும், சம்பாதித்த வட்டியும் தொகுப்பு நிதியில் சேரும். இதைத் தெரியாமல், 'பேலன்ஸ் நிறைய இருந்தால்தான் கடன்' என்று உள்கடனே கொடுக்காமல் பணத்தை வங்கியில் தூங்கவிடும் குழுக்கள் நிறைய. வங்கியின் தர மதிப்பீட்டில் அவர்களுக்குத்தான் மதிப்பெண் குறையும். கடன் கொடுத்து வசூலித்த பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் அங்கே முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

கிராமப்புற வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த குழுவென்றால், முதல் கடன் தொகுப்பு நிதியைப்போல 6 மடங்கு அல்லது குறைந்தது 1,50,000 ரூபாய், இதில் எது அதிகமோ அது. இவர்களுக்கு 6 மடங்கு என்பது 98,700 ரூபாய்தான். எனவே 1,50,000 ரூபாய் கேட்கலாம். 10 லட்ச ரூபாய் வரை சொத்து அடமானமோ, சேமிப்புக் கணக்கை முடக்கிவைப்பதோ கூடாது. 3 லட்ச ரூபாய் வரையிலான கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவிகிதம்.

பணம் வந்த அன்றைக்குத்தான் அடுத்த தவறு நடக்கிறது. 'சண்டை வேண்டாம், ஆளுக்கு 12,500' என்று பிரித்துவிடுவார்கள். ஆடு வாங்க நினைத்தவருக்கு அது போதாது. தேவையில்லாதவர் கையில் அது கரைந்துபோகும். முதல் சுற்றில் தேவை அதிகமுள்ள ஐந்து பேருக்கு 30,000 வீதம் கொடுத்துப் பார்க்கலாம். குழு அவர்களிடம் மாதம் 1 சதவிகித வட்டி வாங்கினால், 24 மாதத் தவணையில் ஒருவர் கட்டுவது சுமார் 1,412 ரூபாய். ஐந்து பேருக்கும் சேர்த்து 7,060. வங்கிக்குப் போவது சுமார் 6,716. மீதி 344 ரூபாய் மாதாமாதம் குழுவின் நிதியில் சேரும். கந்துவட்டி அடைக்க வேண்டிய நால்வரை இந்தப் பட்டியலில் முதலில் வைப்பது என் யோசனை. ஒன்று, ஏற்கெனவே வங்கியில் தனிக்கடன் வாங்கி நிலுவை வைத்திருக்கும் உறுப்பினர் இருப்பதால் குழுவுக்குக் கடனை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த உறுப்பினருக்கு இந்தக் கடனிலிருந்து பங்கு கொடுக்கக் கூடாது.

ஐந்து பேரையும் ஒரே தொழிலில் தேர்ந்தெடுக்காதீர்கள். நம் பக்கம் மல்லிகை மார்கழி, தை குளிரில் பூப்பது குறைந்துவிடும். விலை ஏறும், ஆனால் பறிக்கப் பூ இருக்காது. ஐவரும் மல்லிகைக்காரர்கள் என்றால், அந்த இரண்டு மாதம் தவணை தடுமாறும். குழுவின் பெயரில் வாங்கிய கடன் என்பதால், ஒருவர் கட்டாவிட்டாலும் வங்கி கேட்பது குழுவைத்தான். யாருக்கு எவ்வளவு, எதற்காக, எப்போது திருப்புவது என்பதைத் தீர்மான நோட்டில் பெயர் வாரியாக எழுதி, அவரவர் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான்.

பணம் காணாமல்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். இரண்டாவது கையெழுத்துக்காரர், 'அக்காதானே' என்று பணம் எடுக்கும் படிவத்தில் தொகை எழுதாமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னப் பழக்கம் போதும். மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் பதிவு போட்டு வந்து, கூட்டத்தில் ரொக்கப் புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். வங்கியில் எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தீர்மானம் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவர் பெயராக வாசித்து, 'உங்க சேமிப்பு இவ்வளவு, கடன் பாக்கி இவ்வளவு, சரியா?' என்று கேளுங்கள். தனிநபர் பாஸ்புக்கில் இருப்பதும் பேரேட்டில் இருப்பதும் மாறினால், அன்றைக்கே, அந்த இடத்திலேயே தீருங்கள். அடுத்த வாரம் என்றால் யாருக்கும் நினைவிருக்காது. 'நான் அப்புறமா எழுதிக்கிறேன்' என்று நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் தொடங்கினால், அப்போதே கவனியுங்கள்.

வாசகி செய்ய வேண்டியது இதுதான். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு மற்றும் கடன் பேரேடுகள் நான்கையும் இன்றைய தேதிவரை முடித்து, 16,450 எப்படி வந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதி, கடன் கேட்கும் தீர்மானத்தோடு மூன்று நிர்வாகிகளும் கிளைக்குப் போகட்டும். அப்போதும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மகளிர் திட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.