இருபது நிமிடம் எட்டாகச் சுருங்கும்போது

அலுவலகக் கூட்டத்தில் பேச 20 நிமிடம் கொடுத்திருப்பார்கள். முந்தையவர் இழுத்துவிடுவார், தலைவர் விமானத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும், கடைசியில் கையில் மிஞ்சுவது எட்டு நிமிடம். வழக்கமான ஸ்லைடு தொகுப்பு இந்த அடியைத் தாங்குவதில்லை. அது பின்னணியில் தொடங்கி, ஆய்வுமுறை, தரவு என்று படிப்படியாக ஏறிக் கடைசி ஸ்லைடில்தான் கோரிக்கையைச் சொல்லும். நேரம் பறிபோவது எப்போதும் வால் பக்கத்திலிருந்துதான். கேட்க வந்த விஷயமும் அந்த வாலிலேயே இருக்கிறது. இதைத் தவிர்க்க, தொகுப்பைத் தனித்தனியே கழற்றக்கூடிய பகுதிகளாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை நிலை கொடுத்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பொறியாளர், கம்ப்ரசர் குழாய்களில் உள்ள காற்றுக் கசிவை அடைக்க நிர்வாகக் குழுவிடம் மூன்று லட்சம் ரூபாய் கேட்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டிருக்கிறார். காற்றைப் பயன்படுத்த யாருமில்லாதபோதும் அது இரண்டு நிமிடம் சுமையில் ஓடுகிறது, ஆறு நிமிடம் சும்மா ஓடுகிறது, மறுபடி இரண்டு நிமிடம் சுமை ஏற்றுகிறது. எட்டில் இரண்டு, அதாவது அதன் திறனில் 25 சதவீதம், கசிவுக்கே போகிறது. கம்ப்ரசர் 75 கிலோவாட் இழுத்து ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் ஆறு லட்சம் யூனிட். அதில் கால் பங்கு ஒன்றரை லட்சம் யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் 12 லட்சம் ரூபாய் காற்றோடு போகிறது. கசிவைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்தால் ஆண்டுக்கு 7.2 லட்சம் மிச்சமாகும். போட்ட பணம் ஐந்து மாதத்தில் திரும்பிவிடும்.

இதை 20 ஸ்லைடுகளாக அவர் தயாரித்திருக்கிறார். எது எந்த நிலைக்குப் போகும் என்பதற்கு ஒரே கேள்விதான்: இந்த ஸ்லைடு இல்லாவிட்டால் குழு முடிவெடுக்க முடியாமல் போகுமா? போகும் என்றால் முதல் நிலை. குழு முடிவெடுக்கும், ஆனால் சந்தேகத்தோடு எடுக்கும் என்றால் இரண்டாம் நிலை. யாராவது கேட்டால் மட்டும் தேவைப்படும் என்றால் மூன்றாம் நிலை. பலர் தடுக்கி விழுவது இங்கேதான், ஏனென்றால் தயாரிக்கச் செலவான உழைப்பு கண்ணை மறைக்கும். கசியும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படமெடுக்க ஒரு வாரம் ஆகியிருக்கலாம். ஆனாலும் அந்தப் படங்கள் மூன்றாம் நிலைதான். விடுமுறை நாள் சோதனைக்கு அரை நாள்கூட ஆகியிருக்காது. அது முதல் நிலை.

முதல் நிலையில் ஐந்து ஸ்லைடுகள் போதும். ஆண்டுக்கு 12 லட்சம் இழப்பு என்பது முதலாவது. மூன்று லட்சம் கொடுத்தால் ஐந்து மாதத்தில் திரும்பும் என்ற கோரிக்கை இரண்டாவது. இது எப்படித் தெரிந்தது என்பதற்கு அந்த இரண்டு நிமிட, ஆறு நிமிடக் கணக்கு மூன்றாவது. உற்பத்தி நிற்காமல் வேலையை எப்படி முடிப்பது என்பது நான்காவது. ஐந்தாவதில் மறுபடியும் கோரிக்கை. ஸ்லைடுக்கு ஒரு நிமிடம் வீதம் ஐந்து நிமிடம். மூன்று நிமிடம்தான் கிடைத்தது என்றால் முதல் மூன்றோடு நிறுத்தலாம். கோரிக்கை அதற்குள் சொல்லப்பட்டிருக்கும்.

இரண்டாம் நிலையில் பத்து ஸ்லைடுகள், நான்கு பகுதிகளாக: அளவீட்டு விவரம், பழுதுபார்க்கும் அட்டவணை, செலவுப் பிரிவு, இடர்கள். மீதி ஐந்தும் படங்கள், விலைப்புள்ளிகள் போன்ற பின்னிணைப்பு. எட்டு நிமிடம் கிடைத்தால் முதல் நிலையோடு ஒரே ஒரு பகுதியைச் சேர்க்கலாம். எதை என்பது எதிரே இருப்பவர்களைப் பொறுத்தது. நிதி அதிகாரி கேள்வி கேட்பவர் என்றால் செலவுப் பிரிவு, உற்பத்தி மேலாளர் முகம் சுளிக்கிறார் என்றால் அட்டவணை.

பகுதிகள் உண்மையிலேயே கழற்றக்கூடியவையா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். 'முன்னே பார்த்த வரைபடத்தில்', 'இதைப் பிறகு விளக்குகிறேன்' என்று நாக்கில் வந்தால் அங்கே ஒரு கொக்கி ஒளிந்திருக்கிறது. ஒரு பகுதி முதல் நிலையைச் சுட்டலாம், ஏனென்றால் அது எப்போதும் இருக்கும். இன்னொரு இரண்டாம் நிலைப் பகுதியைச் சுட்டக்கூடாது. இடர்கள் பகுதியில் வரும் ஒரு சுருக்கெழுத்து, அளவீட்டுப் பகுதியில் மட்டுமே விளக்கப்பட்டிருந்தால் அதுவும் கொக்கிதான். ஒவ்வொரு பகுதியின் முதல் ஸ்லைடும் தலைப்பிலேயே தன் முடிவை முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டால், அந்த ஒரு ஸ்லைடோடு பகுதியை முடித்துக்கொள்ளவும் முடியும்.

வெட்டு வெளியே தெரியாமலிருக்கச் சில சின்ன விஷயங்கள் உதவும். பொருளடக்க ஸ்லைடு வேண்டாம். அது விட்டுப்போனதைப் பட்டியல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். '7/20' என்ற வகைப் பக்க எண்ணும் அப்படியே. முதல் நிலை ஸ்லைடுகளில் ஒவ்வொரு வரியாக வந்து விழும் அனிமேஷனும் கூடாது, அவசரத்தில் ஒவ்வொரு கிளிக்கும் சுமைதான். எல்லாவற்றையும்விட மோசமானது, நேரமில்லை என்றதும் பத்து ஸ்லைடுகளைச் சடசடவென்று தள்ளிக்கொண்டு போவது. பார்ப்பவர்களுக்குத் தங்களுக்குக் கிடைக்காதது மட்டுமே மனதில் நிற்கும்.

அப்படித் தள்ளாமல் தாவ, பவர்பாயின்டில் வழி இருக்கிறது. காட்சி ஓடும்போது ஸ்லைடு எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேரே அங்கே போகும். Hide Slide கொடுத்து மறைத்து வைத்ததுகூட இப்படித் திறக்கும். ஆகவே எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் ஒரு ஸ்லைடு சேர்த்தால் எண்கள் நகர்ந்துவிடும், காகிதத்தையும் மாற்ற வேண்டும். End விசை கடைசி ஸ்லைடுக்குக் கொண்டுபோகும் என்பதால், பின்னிணைப்புக்கும் பிறகு கோரிக்கை ஸ்லைடின் பிரதி ஒன்றை வைத்துவிட்டால், எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் ஒரே அழுத்தத்தில் அங்கே வந்துவிடலாம். Custom Slide Show மூலம் ஒரே கோப்பில் 20 நிமிடம், எட்டு நிமிடம், மூன்று நிமிடம் என மூன்று வரிசைகள் வைத்துக்கொள்வதும் உண்டு. நேரக் குறைப்பு மேடையேறும் முன்பே தெரிந்தால் அது வசதி. நடுவில் குறைந்தால் எண் முறைதான் கைகொடுக்கும்.

ஆனால் கணினி வேறொருவர் கையில் இருந்தாலோ, கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றிக் காட்டினாலோ இந்த வசதிகளை நம்ப முடியாது. அங்கே ஸ்லைடுகளையே முன்னுரிமை வரிசையில் அடுக்குவதுதான் பாதுகாப்பு: முதல் நிலை முழுவதும் முன்னால், அதன் பின்னே பகுதிகள். கதையோட்டம் கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் எங்கே அறுந்தாலும் நஷ்டமில்லை.

எல்லாப் பேச்சையும் இப்படிக் கட்ட முடியாது. கணிதத் தேற்றத்தின் நிரூபணத்திலோ வகுப்பறைப் பாடத்திலோ ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது. நடுவில் ஒன்றை உருவினால் மீதி புரியாது. நேரம் குறைந்தால் அங்கே நிரூபணத்தை விட்டுவிட்டு, தேற்றத்தையும் ஓர் எடுத்துக்காட்டையும் மட்டும் சொல்லி, முழு விவரத்தை எழுத்தில் கொடுத்துவிடுவதே சரி.