அஸ்தாலின் அமெரிக்காவில் என்ன பெயரில் கிடைக்கும்?

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போன அம்மாவின் அஸ்தாலின் இன்ஹேலர் தீர்ந்துவிட்டால், அங்குள்ள மருந்துக்கடையில் அந்தப் பெயர் உதவாது. அது இந்திய நிறுவனமான சிப்லாவின் வணிகப்பெயர். பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் சால்பியூட்டமால்தான் மருந்து.

அதைச் சொன்னாலும் குழப்பம் வரலாம். உலகின் பெரும்பகுதி சால்பியூட்டமால் என்று அழைப்பதை அமெரிக்கா அல்புடெரால் என்கிறது. வென்டோலின் எச்.எஃப்.ஏ. அங்குள்ள வணிகப்பெயர்களில் ஒன்று.

அடுத்து அளவு. அஸ்தாலினில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். அமெரிக்கப் பெட்டியில் 90. மருந்து குறைந்துவிடவில்லை. வால்விலிருந்து வெளிவருவதை இந்தியாவில் குறிக்கிறார்கள், வாய்முனையைத் தாண்டி வருவதை அங்கே குறிக்கிறார்கள். அதனால் கூடுதலாக ஒருமுறை அழுத்த வேண்டியதில்லை.

லெவோலினை அஸ்தாலின் என்று நினைத்துவிடக் கூடாது. அது லெவோசால்பியூட்டமால், அமெரிக்காவில் லெவல்புடெரால். அளவும் வேறு.

பெயர் தெரிந்தாலும் அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த இன்ஹேலரைத் தரமாட்டார்கள். புறப்படும் முன்பே மருத்துவரிடம் மூலப்பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதைப் பார்த்து அங்குள்ள மருத்துவர் புதிய சீட்டு எழுதுவார்.