பச்சை கூடினால் வேளாண்மை கூடியதா?
செய்மதிப் படம் காட்டும் வயற்காணிகள்

2007 இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, வயலை விட்டுவிட்டு வாவியைக் கடந்து வந்தன. ஆளில்லாத காலத்தில் அக்காணிகளுக்கு என்ன நடந்தது என்பதைச் செய்மதிப் படங்களைக் கொண்டு ஓரளவு அறியலாம்.

பச்சை இலை செந்நிற ஒளியை உறிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத கீழ்ச்செந்நிறக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே தாவரச் சுட்டெண். வெறும் மண்ணுக்கு இது பூச்சியத்தை அண்டியிருக்கும். செழித்த நெல்லுக்கு 0.7 ஐயும் தாண்டும். நாசாவின் டெரா செய்மதி 2000 பெப்ரவரியில் படமெடுக்கத் தொடங்கியது. அதன் சுட்டெண் படங்களில் ஒரு கட்டம் 250 மீற்றர் சதுரம், அதாவது ஏறக்குறைய 15 ஏக்கர்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆண்டுதோறும் ஒரே பருவத்துப் பெறுமதியை எடுத்து, ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று கணிக்கிறார்கள். அதுவே படித்திறன். ஏறினால் பசுமையாதல், இறங்கினால் வரட்சியாதல்.

விளக்கத்துக்காக ஒரு கட்டத்தின் ஜனவரிப் பெறுமதிகள் 2008 இலிருந்து முறையே 0.40, 0.45, 0.50, 0.15, 0.60 என்று வைத்துக்கொள்வோம். நான்காவது எண், 2011 ஜனவரி வெள்ளத்தில் வயல் மூழ்கியதைக் குறிக்கிறது. சாதாரண முறையில் நேர்கோடு வரைந்தால் படித்திறன் 0.01 மட்டுமே. ஆனால் ஆண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்துச் சோடிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் படித்திறன் கண்டு, வரிசைப்படுத்தி, இடையத்தை எடுத்தால் 0.05 கிடைக்கும். ஒரு வெள்ளம் இக்கணக்கைக் குழப்பாது. ஐந்து ஆண்டு விளக்கத்துக்குப் போதும். உண்மையான கணிப்புக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வேண்டும்.

படித்திறன் ஏறிய இடமெல்லாம் வேளாண்மை செழித்தது என்று கொள்ளக் கூடாது. கைவிட்ட வயலில் பற்றைக்காடு எழுந்தாலும் சுட்டெண் ஏறும். இதைப் பிரித்தறியப் பருவத்தைப் பார்க்க வேண்டும். மானாவாரி வயல் பெரும்போகத்தில், ஜனவரியில் உச்சப் பச்சையாகும். ஓகஸ்டில் காய்ந்து கிடக்கும். பற்றையோ ஓகஸ்டிலும் பச்சையாகவே நிற்கும். ஆகவே ஓகஸ்ட் பெறுமதி ஆண்டுதோறும் ஏறி, இரு மாதங்களுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கினால், அங்கே பெரும்பாலும் பற்றை வளர்ந்துள்ளது. உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழுள்ள காணிகளில் சிறுபோகமும் செய்வதால், அங்கு அறுவடை மாதத்தைப் பார்த்தே ஒப்பிட வேண்டும்.

ஒரு கட்டத்துக்குள் பலருடைய வயல்கள் அடங்கும். எனவே உங்கள் இரண்டு ஏக்கரைத் தனியே காண இப்படம் உதவாது. லான்ட்சாட் செய்மதியின் 30 மீற்றர் கட்டம் அதற்குப் பொருத்தமானது. ஆனால் மாரி முகில் அதன் படங்களில் பலவற்றை மறைத்துவிடும்.

இன்று பற்றையாகத் தெரியும் காணியில் முன்பு ஆண்டுதோறும் பச்சை ஏறி இறங்கியிருந்தால், அங்கே பயிர் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான தடயம். காணி யாருடையது என்பதைச் செய்மதி சொல்லாது. அதற்கு உங்கள் உறுதியும் அனுமதிப்பத்திரமுமே சாட்சி.