கட்டியவர் யார்? கட்டுவித்தவர் யார்?

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்துக்கான கல்வெட்டு வாசகத்தை, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்குச் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். செலவை ஏற்ற பெரியவரின் பெயருக்குக் கீழே ‘இம்மண்டபத்தைக் கட்டிப்பித்தார்’ என்று இருந்தது. கல்லில் வெட்டிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து பார்த்தேன்.

பக்கத்தில் இருந்த அப்பா, கொத்தனார் வேலை பார்த்தவர், “பேசாம ‘கட்டினார்’னு போட்டுடேன்பா” என்றார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, “கட்டுனது நாங்கள்ல!” என்றார்.

விஷயம் அதுதான். தானே செய்தால் தன்வினை: கொத்தனார் கட்டினார். பிறரைக் கொண்டு செய்தால் பிறவினை: பெரியவர் கட்டுவித்தார். இதற்கு உரிய விகுதிகள் வி, பி என்ற இரண்டு. எந்த வினைக்கு எது வரும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

நான் கையாளும் வழி எளிது. அந்த வினையை எதிர்காலத்தில் சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ஆன்’ ஒலியை எடுத்துவிட்டு ‘இ’ சேருங்கள். கட்டுவான், கட்டுவி. செய்வான், செய்வி. திறப்பான், திறப்பி. கற்பான், கற்பி. ‘கட்டுப்பான்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ‘கட்டிப்பித்தார்’ நிற்காது. ‘கற்ப்பித்தல்’ என்று எழுதுவதும் இதே சோதனையில் சிக்கும். கற்பான் என்பதில் ஒரு ‘ப’தானே இருக்கிறது? அதோடு, ற் என்ற எழுத்துக்குப் பின் இன்னொரு மெய் இரட்டித்து வராது.

இரண்டாவது சோதனை, ஆள்களை எண்ணுவது. வி, பி இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஈரேவல் என்கிறது பவணந்தி முனிவரின் நன்னூல். பெரியவர் தன் மகனிடம் சொல்லி, மகன் கொத்தனாரை வைத்துக் கட்டியிருந்தால், பெரியவர் ‘கட்டுவிப்பித்தார்’. இதில் மூன்று பேர். ஆனால் செயலாளர் தானே ஒலிபெருக்கியில் சொன்னதை ‘அறிவிப்பித்தார்’ என்று எழுதினால் பிழை. அவர் அறிவித்தார், அவ்வளவுதான். பிறர் அறியும்படி செய்வதுதான் அறிவித்தல்.

எல்லா வினையும் இந்த வழியில் வராது. திருந்து என்பது திருத்து ஆகும். ஆடு என்பது ஆட்டு ஆகும். இவற்றில் எழுத்தே வலித்துப் பிறவினையாகிவிடுகிறது. பயில் என்பதும் அப்படித்தான் பயிற்று ஆகிறது. அதன்மேல் இன்னொரு வி சேர்ந்த ‘பயிற்றுவித்தல்’ வழக்கில் வேரூன்றிவிட்டது. அதைப் பிழை என்று அடிக்க வேண்டாம்.

கல்வெட்டில் ‘கட்டுவித்தார்’ என்று திருத்தினேன். குழுவினரிடம் கேட்டு, இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘கட்டியவர்கள்’ என்று போட்டு, கொத்தனார்களின் பெயர்கள். அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்தார்.